ஏற்காடு மலைக்குக் கார் வாங்குகிறீர்களா? முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள்

மைலேஜும் சன்ரூஃபும் விசாரிக்கிற நாம், டிக்கி மேட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை. சேர்வராயன் மலையில் ஓடப்போகிற காருக்கு அதுதான் முதல் வேலை.

1. ஸ்டெப்னி இருக்கிறதா?

டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்ற விதித்தளர்வு 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதனால் சில கார்களில் மேட்டுக்கு அடியில் ஒரு குப்பியும் சின்ன கம்ப்ரஸரும்தான் கிடக்கும். ஸ்டெப்னி இருந்தால், அதன் மேல் எழுதியுள்ள அளவு ஓடும் டயரின் அளவோடு ஒத்துப்போகிறதா என்று படியுங்கள். ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகச் சக்கரம். பொதுவாக 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது.

2. மலையில் டயர் எங்கே கிழியும்?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் வரும்போது ஒதுங்குகிறோம். இடது முன்சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கி, கூரான கல்லில் உரசுகிறது. கிழிவது தரையைத் தொடும் பகுதியல்ல, பக்கவாட்டுச் சுவர்.

இங்கேதான் கிட் கைவிடும். அந்தத் திரவம் தரைப்பகுதியில் ஆணி போட்ட சின்ன ஓட்டையை, ஏறக்குறைய 4 முதல் 6 மி.மீ. வரை, அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலில் ஊற்றினால் நுரையாக வெளியே வழியும். பஞ்சர் கடைக்காரரும் அதில் பசைத் திரி சொருக மாட்டார், சொருகவும் கூடாது. நான்குவழிச் சாலையில் ஆணி ஏறினால் கிட் போதும். குப்பனூர் மலைப்பாதையில் ராத்திரி டயர் கிழிந்தால் போதாது.

3. ரன்-ஃபிளாட் உதவுமா?

பக்கச்சுவர் கெட்டியானது என்பதால் காற்று போனாலும் பொதுவாக 80 கி.மீ. தூரம், 80 கி.மீ. வேகத்துக்குள் ஓடும். சேலம் சுமார் 30 கி.மீ.தான், இறங்கிவிடலாம். ஆனால் சுவரே பெரிதாகக் கிழிந்தால் அதுவும் ஓடாது. புது டயர் அதே அளவில் உள்ளூர்க் கடையில் இல்லாவிட்டால் வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். மேடுபள்ளத்தில் குலுக்கலும் கூடுதல்.

4. மாற்றிப் பழகுங்கள்

சரிவில் ஜாக்கி போடாதீர்கள், கார் நழுவும். மெதுவாக உருட்டி, வளைவுக்கு அப்பால் சமதளமாக அகன்ற இடத்தில் நிறுத்துங்கள். ரிம் கெட்டாலும் பரவாயில்லை. ஹேண்ட்பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குச் சரிவுப் பக்கம் கல் வையுங்கள். கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். ஸ்டெப்னியிலும் மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டும். தற்காலிகச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ.

என் தீர்ப்பு

மலைக்கும் நெடும்பயணத்துக்கும் முழு அளவு ஸ்டெப்னி உள்ள காரையே வாங்குங்கள். கூடவே ஒரு கம்ப்ரஸரும் பசைத் திரி கிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இல்லாத மாடல்தான் பிடித்திருக்கிறது என்றால், ஸ்டெப்னி வைக்க டிக்கியில் இடமிருக்கிறதா, தனியாக என்ன விலை என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.