சீட்டுப் பணம் தாமதமானால் வட்டி தானாக வருமா?

சீட்டு முடிந்து மாதங்கள் கடந்தும் கம்பெனி பணம் தராமல் இழுத்தடிக்கிறது. ஆழ்வார்திருநகரி பக்கம் வாழை விற்ற காசையும் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் சீட்டில் போட்டவர்கள் அப்போது மனதைத் தேற்றிக்கொள்ளும் நம்பிக்கை ஒன்று உண்டு: "தாமதமான நாளுக்கெல்லாம் வட்டி சேர்ந்துகொண்டுதானே இருக்கிறது, பொறுமை போனபிறகு எழுதிக் கேட்டுக்கொள்ளலாம்." இந்த நம்பிக்கைதான் அதிக நஷ்டம் தருகிறது. 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இரண்டு நிலைகளைப் பிரித்துச் சொல்கிறது. இன்ன நாளில் இவ்வளவு தரவேண்டும் என்று எழுத்து ஆவணத்திலேயே இருந்தால், அந்த நாளிலிருந்து வட்டி வழங்கலாம். அப்படி இல்லையென்றால், வட்டி கோரப்படும் என்று எழுத்துமூலம் தெரிவித்த அறிவிப்பில் குறிப்பிட்ட தேதியிலிருந்துதான் கணக்கு. பல சீட்டு ஒப்பந்தங்களில் தவணைத் தேதி தெளிவாக இருக்கும். கடைசிச் சீட்டுக்காரருக்குப் பணம் தரும் தேதி அவ்வளவு தெளிவாக இருக்காது. ஆகவே வட்டி கேட்டு எழுதும் கடிதத்தை மரியாதைக்கு எழுதும் நினைவூட்டலாக எண்ணக்கூடாது. பல நேரங்களில் வட்டிக்கே அதுதான் தொடக்கம்.

"மாதம் இரண்டு ரூபாய் வட்டி போட்டால்தான் கம்பெனி பயப்படும்" என்பவர்களும் உண்டு. நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். ஒப்பந்தத்தில் வட்டி விகிதம் இருந்தால் அதையே கேட்க வேண்டும். சீட்டு நடத்துபவர் விதிமீறினால் என்ன விளைவு என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டிய விவரம், ஆகவே முதலில் அதைப் புரட்டிப் பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால், வட்டிச் சட்டப்படியான உச்சவரம்பு, சேமிப்புக் கணக்கு நீங்கலாக மற்ற வைப்புகளுக்கு வங்கிகள் தரும் அதிகபட்ச விகிதம்தான். தொகையிலும் இதே கவனம் வேண்டும். 20 பேர், மாதம் 10,000 ரூபாய், இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கமிஷன் ஒப்பந்தப்படி 5 சதவீதம் என்றால் கடைசியாக எடுப்பவருக்கு வரவேண்டியது 1,90,000. மாதாமாதம் வந்த கழிவு ஏற்கெனவே தவணையில் குறைந்துவிட்டது. அதை மறுபடி சேர்க்கக்கூடாது. ஆண்டுக்கு 7 சதவீதம் என்று கொண்டால் ஆறு மாதத் தாமதத்துக்கு 6,650 ரூபாய். இரண்டு ரூபாய் வட்டிக்கு இதே காலத்தில் 22,800 வரும். சீட்டுப் பதிவாளர் முன் அந்த எண் நிற்காது, கோரிக்கையின் மற்ற பகுதியின் மீதும் ஐயம் விழும். கடிதத்தில் சீட்டுக் குழு எண், உங்கள் டிக்கெட் எண், கடைசித் தவணை கட்டிய தேதி, வரவேண்டிய தொகை ஆகியவற்றோடு இந்த வரி கட்டாயம் இருக்கட்டும்: "மேற்கண்ட தொகைக்கு இன்ன தேதியிலிருந்து பணம் கைக்கு வரும் நாள் வரை ஆண்டுக்கு இத்தனை சதவீத வட்டி கோருகிறேன்." பாஸ்புத்தகத்தின் நகலை மட்டும் இணையுங்கள். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்படைத்ததற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்குங்கள்.

"மற்றவர்கள் தவணை கட்டவில்லை, வசூல் வந்ததும் தருகிறோம்" என்று கம்பெனி பதில் சொல்லும். கேட்பவருக்கு இது நியாயமாகவும் படும். ஆனால் 1982 சீட்டு நிதிச் சட்டம் சந்தாதாரருக்குச் சேரவேண்டிய தொகைக்குச் சீட்டு நடத்துபவரையே பொறுப்பாக்குகிறது. வசூலிக்கும் சுமைக்காகத்தான் அவருக்குக் கமிஷன். காப்புத்தொகையைப் பதிவாளரிடம் ஈடாக வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கடிதத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் அடுத்த சுற்றுப் பேச்சு மிச்சம்.

கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் உரிமை காலாவதியாகாது என்பதும் தவறு. நாம் எத்தனை கடிதம் எழுதினாலும் காலக்கெடு நகராது. சீட்டுப் பதிவாளரிடம் தாவாவாகக் கொண்டுபோக மூன்றாண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு. சீட்டுத் தகராறு பதிவாளரிடம்தான் போகவேண்டும், நுகர்வோர் வழக்கு செல்லாது என்று சிலர் மறுக்கக்கூடும். சிவில் நீதிமன்றத்துக்குத்தான் அந்தத் தடை. நுகர்வோர் சட்டம் பிற சட்டங்களோடு கூடுதலாக நிற்பது. சீட்டுப் பணம் குறித்த ஸ்ரீராம் சிட்ஸ் - ராகசந்த் அசோசியேட்ஸ் வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், சந்தாதாரர் வணிக நோக்கத்துக்காகச் சேர்ந்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது என்றது. இவையெல்லாம் பதிவு பெற்ற சீட்டுக்கு. பதிவு எண்ணே இல்லாத சீட்டு என்றால் கடிதத்தோடு நிற்காமல் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகவேண்டும்.

கடிதம் கிடைத்ததும் பல கம்பெனிகள் அசலில் ஒரு பகுதியை நீட்டி, "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்ட வவுச்சரில் கையெழுத்துக் கேட்கும். பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த வரியை அடித்துவிட்டு, "இன்ன தொகை மட்டும் பெற்றேன்; மீதித் தொகைக்கும் வட்டிக்குமான என் கோரிக்கை தொடர்கிறது" என்று கைப்பட எழுதி, தேதி போட்டு, அதன்கீழ்தான் கையெழுத்திட வேண்டும்.