அனுப்பிய மெயிலில் இருக்கிறது உங்கள் பத்திர நகல்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. பீரோவில் இருந்த காகிதமும், அதை ஸ்கேன் செய்து வைத்திருந்த கம்ப்யூட்டரும் ஒரே தண்ணீரில் நனைந்தால் என்ன செய்வது? எப்போதோ யாருக்காவது அதை மெயிலில் அனுப்பியிருந்தால், வழி இருக்கிறது.

ஜிமெயிலில் ஒரு ஃபைலை இணைத்து அனுப்பும்போது, அதன் முழு நகல் உங்கள் ‘Sent’ பகுதியிலும் தங்கிவிடும். கம்ப்யூட்டர் கெட்டாலும், ஃபைலை அழித்தாலும் அந்த நகலுக்கு ஒன்றும் ஆகாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2014-ல் வீட்டுக்கடனுக்காக வங்கிக்குக் கிரயப் பத்திரத்தை அனுப்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘பத்திரம்’ என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஏனென்றால் ஸ்கேனர் அதற்கு scan0001 என்றுதான் பெயர் வைத்திருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு, காலத்தையும் ஃபைல் வகையையும் வைத்துத் தேடுங்கள். ஜிமெயில் தேடல் கட்டத்தில் இப்படி டைப் செய்யவும்:

```
in:sent filename:pdf after:2014/01/01 before:2015/01/01
```

வரவில்லையா? போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம். Pdf இருக்கும் இடத்தில் jpg என்று மாற்றிப் பாருங்கள்.

வங்கியோடு நடந்த கடிதப் போக்குவரத்து கிடைத்தும் ஃபைலைக் காணோமா? ‘Reply’ கொடுக்கும்போது இணைப்பு கூடவே போகாது. எனவே அந்த வரிசையின் முதல் மெயிலைத் திறந்து பாருங்கள். பிரவுசிங் சென்டர்காரர் தன் ஐடியிலிருந்தே அனுப்பியிருந்தால், உங்கள் ‘Sent’ பகுதியில் எதுவும் இருக்காது. அப்போது பெற்றுக்கொண்டவரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த வழி எல்லா நேரமும் கைகொடுக்காது. ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேற்பட்ட ஃபைல் கூகுள் டிரைவ் லிங்க்காகத்தான் போகும். டிரைவில் அதை அழித்திருந்தால் லிங்க் மட்டும் மிஞ்சும். மெயிலையே அழித்திருந்தால், 30 நாள் வரைதான் ‘Trash’ பகுதியில் இருக்கும்.

ஃபைல் கிடைத்ததும் டவுன்லோடு செய்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியவர்களும் உண்டு.

இது வெறும் ஸ்கேன் நகல்; அசல் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் பதிவு முத்திரையில் ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் மூன்றும் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மூன்று விவரமும் தெரியாமல்தான் பலர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். உங்களுக்கு அது பழைய மெயிலிலேயே இருக்கலாம், தேடிப் பாருங்கள்.