5 சதவீதமா, 5.13 சதவீதமா?

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். 91 நாள் அமெரிக்க டிரஷரி பில்லுக்கு 5.00%, 5.13% என்று இரண்டு விகிதம் போட்டிருக்கிறார்கள். என் வங்கி மூன்று மாத டெபாசிட்டுக்கு 5.10% தருகிறது. எதை நம்புவது?

பதில்: 5.13-ஐப் பாருங்கள். 5.00 என்பது தள்ளுபடி விகிதம். முகமதிப்பின் மேல், வருடத்துக்கு 360 நாள் என்று வைத்துப் போட்ட கணக்கு. 10,000 டாலர் பில்லில் 126.39 டாலர் கழித்துக்கொண்டு, உங்களிடம் 9,873.61 மட்டுமே வாங்குகிறார்கள். நீங்கள் கொடுக்காத பணத்தையும் முதலாகச் சேர்ப்பதால் வட்டி குறைவாகத் தெரிகிறது. 126.39-ஐ 9,873.61-ஆல் வகுத்து, 365/91-ஆல் பெருக்கிப் பாருங்கள், 5.13% வரும். அதுதான் பாண்டுக்கு இணையான ஈட்டு விகிதம். வங்கி வட்டியோடு அதைத்தான் ஒப்பிட வேண்டும். போதாததற்கு, பில் வட்டிக்கு மாநில வருமான வரியும் கிடையாது. தயங்காமல் பில்லையே வாங்குங்கள்.