மகளுக்கு ஒரு சம்மதக் கடிதம்: எழுதும் முறை

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை, வீட்டில் இதுவரை யாரும் போகாத ஒரு துறையைக் கேட்கிறது. சில மாதம் வாக்குவாதம் நடக்கிறது. பிறகு பெற்றோருக்கு மனம் மாறுகிறது. அதைச் சாப்பிடும் நேரத்தில் “சரி, போய்ப் படி” என்று சொல்லிவிட்டு எழுந்தால், பிள்ளைக்கு ஒரு சந்தேகம் மிஞ்சும். அப்பா உண்மையிலேயே ஒப்புக்கொண்டாரா, வாதாடி அலுத்துப் போனாரா? இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் கடிதத்தின் வேலை. வாழ்த்துச் சொல்வதும் அறிவுரை சொல்வதும் அதன் வேலை இல்லை.

ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அப்பா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறார். மகளுக்குப் பதினேழு வயது. பொறியியல் வேண்டாம், மாமல்லபுரத்தில் கற்சிற்பம் படிக்கப் போகிறேன் என்கிறாள். இந்த அப்பா எழுதும் கடிதத்தைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

1. பேனாவை எடுக்கும் முன்

முதலில் அந்தப் படிப்பைப் பற்றி விசாரியுங்கள். மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957-இல் ஒரு பயிற்சி மையமாகத் தொடங்கியது. கல், மரம், உலோகம், சுதை என்று சிற்பத்தில் பிரிவுகள் உண்டு. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இதெல்லாம் கடிதத்தில் எழுதுவதற்காக அல்ல. மகள் எதைக் கேட்கிறாள் என்பது தெரியாமல் கொடுக்கும் சம்மதத்தை அவளால் நம்ப முடியாது. ஒரு நாள் கிளம்பிப் போய், உளிச் சத்தம் கேட்கும் பட்டறைகளில் நின்று நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தால், கடிதத்தின் தொனியே மாறிவிடும்.

இரண்டாவது, வீட்டில் இன்னொருவரின் நிலை என்ன? அம்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை என்றால் “நாங்கள் சம்மதிக்கிறோம்” என்று எழுதாதீர்கள். மறுநாளே அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும். “இது அப்பாவின் சம்மதம். அம்மாவுக்குக் கொஞ்சம் நாள் வேண்டும், அவளிடம் நான் பேசுகிறேன்” என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதே மேல்.

2. முதல் வரியிலேயே முடிவைச் சொல்லுங்கள்

நம்மில் பலர் கடிதத்தைத் தங்கள் கஷ்டத்தில் இருந்து தொடங்குவார்கள். தாத்தா எப்படி வளர்த்தார், தாங்கள் எப்படிப் படித்தார்கள் என்று இரண்டு பக்கம் ஓடும். பிள்ளை அந்த இரண்டு பக்கத்தையும் பயத்தோடு படிக்கும். “ஆனால்” எங்கே வரப்போகிறது என்றே அதன் கண் தேடும். அதனால் முடிவை முதலில் வையுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரிலேயே தொடங்குங்கள்:

“பாப்பா, நீ மாமல்லபுரம் போய்ச் சிற்பம் படிக்க அப்பாவுக்கு முழுச் சம்மதம். விண்ணப்பத்தில் நானே கையெழுத்துப் போடுகிறேன்.”

கையெழுத்து என்கிற ஒரு செயல் அதில் இருப்பதைக் கவனியுங்கள். செயல் ஒன்று சேர்ந்தால் சம்மதம் உறுதிப்படும்.

3. சண்டையில் சொன்னதை ஒரே முறை திரும்பப் பெறுங்கள்

கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியம் பிள்ளையின் மனத்தில் அப்படியே இருக்கும். “நான் ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால்” என்று பொதுவாக எழுதினால் அது போய்ச் சேராது. எந்த வாக்கியமோ அதையே எழுத வேண்டும்:

“‘கல்லுடைக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்’ என்று மாமா எதிரில் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மாமாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.”

மூன்று வரி போதும். நீட்டினால், உங்களைத் தேற்றும் பொறுப்பு பிள்ளையின் தலையில் விழும். ஏன் அப்படிப் பேசினீர்கள் என்ற விளக்கமும் வேண்டாம். மாமாவிடம் உண்மையிலேயே சொன்ன பிறகே அந்த வரியை எழுதுங்கள்.

4. நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்

“உனக்குத் திறமை இருக்கிறது” என்று எழுதினால் அதைப் பள்ளி ஆண்டுவிழாவில் யாரும் யாருக்கும் சொல்லலாம். உங்கள் மனம் மாறியதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். இந்த அப்பாவுக்கு அது ஒரு நந்தி:

“மாவுக்கல்லில் நந்தி செதுக்கினாயே, கடைசியில் அதன் காது உடைந்து போனது. நீ தூக்கி எறிவாய் என்று நினைத்தேன். நீ வேறு கல்லை எடுத்து, இந்த முறை காதைத் தலையோடு ஒட்டியபடி செதுக்கினாய். துருத்திக்கொண்டு நின்றால் கல் தாங்காது என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாய். அன்றைக்குத்தான் இது உனக்கு விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது.”

இங்கே பாராட்டு என்று ஒரு சொல்கூட இல்லை. அப்பா கவனித்திருக்கிறார் என்பது தெரிகிறது, அதுவே போதும்.

இந்த இடத்தில் பெரிய பெயர்களை இழுக்காதீர்கள். குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி இதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர்தான். உறவினருக்குப் பதில் சொல்ல அந்தத் தகவல் உதவும். ஆனால் “நீயும் அவரைப் போல வருவாய்” என்று மகளுக்கு எழுதினால், சாதாரணமாக நல்ல வேலை செய்து சாதாரணமாகச் சம்பாதிக்கும் ஒரு சிற்பியாக அவள் ஆனாலும் அது தோல்வியாகிவிடும்.

5. பயத்தைச் சொல்லுங்கள், அதற்கு என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்

பயமே இல்லாத மாதிரி எழுதினால் பிள்ளை நம்பாது. ஒன்று அல்லது இரண்டு பயம் எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். “எதிர்காலம் என்ன ஆகுமோ” என்ற பயத்துக்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இருக்கும் பயத்தை எடுங்கள். கற்சிற்பத்தில் அப்படி ஒன்று உண்டு:

“எனக்குப் பெரிய பயம் கருங்கல் தூளைப் பற்றித்தான். மெஷினில் அறுக்கும்போது கிளம்பும் பொடியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும், அது திரும்பக் குணமாகாது. துண்டு கட்டிக்கொண்டால் நுண்ணிய பொடி நிற்காது. என்-95 முகக்கவசம் நான் வாங்கி அனுப்புகிறேன். தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் அடங்கும் என்றார்கள், அந்த முறையைக் கேட்டுக் கற்றுக்கொள். கவசம் தீர்ந்தால் கேட்கத் தயங்காதே.”

பயம் யாருடையது என்பது இதில் தெளிவாக இருக்கிறது: அப்பாவுடையது. அதைத் தீர்க்கும் செலவையும் அவரே ஏற்கிறார். இதையே “முகக்கவசம் போடுவதாக இருந்தால் அனுப்புகிறேன்” என்று எழுதியிருந்தால் சம்மதம் நிபந்தனையாகிவிடும்.

வருமானம் பற்றிய பயம் இரண்டாவது. கோயில் திருப்பணியும் சிலை ஆர்டரும் மாதச் சம்பளம் போல வராது. அதை மறைக்காமல் ஒரே வரியில் எழுதிவிட்டு, பணப் பகுதிக்கு வந்துவிடுங்கள்.

6. பணத்தைத் தொகையாக எழுதுங்கள்

“என்னால் முடிந்ததைச் செய்வேன்” என்ற வரியை வைத்துப் பிள்ளையால் எந்தத் திட்டமும் போட முடியாது. கணக்கெழுதும் அப்பா இப்படி எழுதுகிறார்:

“உன் படிப்புக்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்தது 3,20,000 ரூபாய். அதில் 1,00,000 தம்பிக்கு. மீதி 2,20,000 உன்னுடையது. சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் மாதம் 4,000 அனுப்புவேன். நாலு வருஷத்துக்கு அது 1,92,000. மிச்சம் 28,000 உளி, சுத்தியல், போக்குவரத்துக்கு. கல்லூரிக் கட்டணத்தை என் சம்பளத்தில் கட்டிவிடுவேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை வேலை சரியாக அமையாவிட்டாலும் வீட்டில் இருக்கலாம். தனியாகப் பட்டறை போட முதல் கேட்டால் அது என்னால் ஆகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.”

முடியாததையும் எழுதியதால்தான் முடியும் என்று சொன்னது நம்பும்படி இருக்கிறது. தம்பியின் பங்கை எழுதியதும் நல்லது. பின்னால் யாரும் அதைக் குத்திக்காட்ட முடியாது.

7. உறவினரிடம் என்ன சொல்வீர்கள்?

பிள்ளையின் மனத்தில் இருக்கும், வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. அடுத்த கல்யாண வீட்டில் பெரியப்பா “பொண்ணு என்ன படிக்கப் போகுது?” என்று கேட்பார். அப்போது அப்பா குரலைத் தாழ்த்துவாரா? பதிலைக் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள்:

“யார் கேட்டாலும் ‘மாமல்லபுரத்தில் சிற்பம் படிக்கிறாள்’ என்பேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டேன். உன்னையும் சொல்ல விடமாட்டேன்.”

8. திரும்பி வரும் வழியைத் திறந்து வையுங்கள்

“ஒருவேளை தோற்றுவிட்டால்” என்று எழுதாதீர்கள். பதினேழு வயதில் எடுத்த முடிவு பத்தொன்பதில் மாறலாம், பொறியியல் படிப்பவர்களுக்கும் அது மாறுகிறது. “இரண்டாம் வருஷம் பிடிக்காமல் போனால் என்னிடம் முதலில் சொல். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்ற வார்த்தை என் வாயில் வராது” என்பது போதும்.

9. அடிக்க வேண்டிய வரிகள்

எழுதியதை ஒரு நாள் வைத்திருந்து திரும்பப் படியுங்கள். “இனி உன் இஷ்டம்” என்று இருந்தால் அடியுங்கள். அது கைகழுவுவது. “எங்கள் மானத்தைக் காப்பாற்று”, “நாலு பேர் மெச்சும்படி வா”, “உன்னை நம்பித்தான் எல்லாம்” ஆகியவையும் போகட்டும். “கூடவே தபாலில் பி.காம். படித்துக்கொள்” என்ற வரி கடைசிப் பத்தியில் எப்படியாவது நுழையும். அந்த ஒரு வரி போதும், மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடும்.

10. கொடுக்கும் விதம்

விண்ணப்பம் போடும் முன்பே கொடுங்கள். தேர்வு முடிவு வந்த அன்று கொடுத்தால் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பரிசாகவோ தண்டனையாகவோ தோன்றும். கையால் எழுதி, கையில் கொடுத்து, அவள் தனியாகப் படிக்க விட்டுவிடுங்கள். “படிச்சியா?” என்று பின்னாலேயே போக வேண்டாம்.

படித்த பிறகு “அப்போ நான் வேற என்னப்பா செய்யணும்?” என்று அவள் கேட்டால், கடிதத்தில் எங்கோ நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த வரி அப்படித் தோன்றியது என்று அவளிடமே கேட்டு, அங்கேயே அடித்துக் கொடுங்கள். மாறாக, விடுதியைப் பற்றியோ கருவி விலையைப் பற்றியோ பேசத் தொடங்கினால் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு மீதி ஒன்றுதான்: முதல் மாதத்து 4,000 ரூபாய் அவள் கேட்கும் முன்பே போய்ச் சேர வேண்டும்.