ஒன்றுபோல் தோன்றும் நான்கு பின்னங்கள்

ஒரு பையில் 5 சிவப்பு, 4 நீலம், 3 பச்சை ஆக 12 பந்துகள் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பந்துகளை எடுக்கிறோம். முதலில் எடுத்ததைத் திரும்பப் பையில் போடுவதில்லை. இரண்டுமே சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? கேள்வியின் கீழே 5/36, 20/121, 25/144, 5/33 என்று நான்கு விடைகள் உள்ளன. தசமத்தில் எழுதினால் அவை முறையே 0.139, 0.165, 0.174, 0.152 என வரும். உத்தேசமாக ஒன்றைத் தொட்டுவிட முடியாதபடி அவ்வளவு நெருக்கம்!

முறையாகச் செய்து பார்ப்போம். முதல் பந்து சிவப்பாக வர 5/12. அது வெளியே போனபின் பையில் இருப்பவை 11 பந்துகள். அவற்றில் சிவப்பு 4. ஆகவே இரண்டாவதற்கு 4/11. பெருக்கினால் 20/132, சுருக்கினால் 5/33.

மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன தோழியரே? பந்தைத் திரும்பப் போட்டதாக எண்ணினால் 25/144. சிவப்பில் ஒன்றைக் குறைத்துவிட்டு மொத்தத்தில் குறைக்க மறந்தால் 20/144, அதாவது 5/36. இரண்டு முறையும் 11 என்று போட்டால் 20/121. கேள்வி எழுதியவர் நாம் எங்கே சறுக்குவோம் என்று பார்த்தே விடைகளை அடுக்கியிருக்கிறார்.

இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. மொத்த வாய்ப்புகள் 12 × 11 = 132. எவ்வளவு சுருக்கினாலும் சரியான விடையின் பகுதி 132ஐ மீதியின்றி வகுத்தே ஆக வேண்டும். 33 வகுக்கும், 36, 121, 144 வகுக்கா.

சீட்டுக்கட்டு என்றதும் பெற்றோர் முகம் சுளிக்க வேண்டாம், கணக்குக்கு மட்டுமே தொடுகிறோம்! 52 சீட்டுகளில் இரண்டை உருவினால் இரண்டும் ஹார்ட்டாக இருக்க 13/52 × 12/51, அதாவது 1/17. முதல் சீட்டைத் திரும்ப வைத்திருந்தால் 1/16. பகுதியில் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் 52 × 51ஐ 16 மீதியின்றி வகுக்காது.

இந்தச் சோதனை தவறான விடையைத் தள்ளுமே தவிர, சரியானதை உறுதி செய்யாது. அதே பையில் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் வர வேண்டுமென்றால், சிவப்பு முதலில் வர 5/33, நீலம் முதலில் வர 5/33, ஆக 10/33. ஒரு வரிசையை விட்டுவிட்டவருக்கு 5/33 கிடைக்கும். பகுதியோ இரண்டிலும் ஒன்றே.

பகடையில் இது இன்னும் நுட்பம். இரு பகடைகளை உருட்டினால் ஒரு 6 ஆவது விழ வேண்டும். முதல் பகடையில் 6 விழ 6 வழிகள், இரண்டாவதில் 6 வழிகள், ஆக 12/36 அல்லது 1/3 என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் 6 விழும் வழியை இரு முறை எண்ணிவிட்டோம். 6 விழவே விழாத வழிகள் 5 × 5 = 25; 36இல் அவற்றைக் கழித்தால் 11. விடை 11/36.