ஸ்க்ரீன்ஷாட் பில் ஆகுமா?

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப் பத்தாம் மாதத்தில் பழுதானது. ஆர்டர் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினேன், சர்வீஸ் சென்டரில் ஏற்கவில்லை. வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தரும் தொழில் செய்கிறேன். எதை, எப்படிச் சேமித்து வைப்பது?

பதில்: ஆர்டர் செய்ததற்கு ஸ்க்ரீன்ஷாட் அடையாளம், அவ்வளவுதான். விற்றவரின் ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் எண், தேதி, வரித்தொகை எல்லாம் இருப்பது இன்வாய்ஸில்தான். ஆர்டர் பக்கத்தில் இன்வாய்ஸை டவுன்லோட் செய்யும் வசதி இருக்கும். இப்போதே எடுத்து மீண்டும் காட்டுங்கள்.

இனி பொருள் வந்த அன்றே பிடிஎஃப்பை இறக்குங்கள். அதில் சீரியல் எண் இருந்தால், லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து உடன் வையுங்கள். கடையில் தரும் வழவழப்பான தெர்மல் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். அதையும் அன்றே போட்டோ எடுங்கள்.

ஃபைலுக்குத் தேதி, பொருள், தொகை என்று பெயர் வையுங்கள்: `2025-03-14_laptop_48500.pdf`. அதை `2024-25` என்ற ஃபோல்டரில் போடுங்கள். வரிக்கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், மார்ச்சில் வாங்கியது அந்த ஆண்டில்தான் சேரும்.

தொழிலுக்கு வாங்கிய லேப்டாப்பின் விலை முழுவதையும் பொதுவாக ஒரே ஆண்டில் செலவாகக் கழிக்க முடியாது, ஆண்டுதோறும் தேய்மானமாகவே கழியும். ஆகவே வாரண்டி முடிந்தாலும் அந்த இன்வாய்ஸை அழித்துவிடாதீர்கள்.