தண்ணி வந்துடுச்சு

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் நேரம். அடையாறு வீட்டுல நாங்க ஏழு பேர். ரெண்டு பேர் தி.நகர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. வாட்ஸ்அப் குரூப்ல பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் இந்தி. அஞ்சாம் தேதி ஒருத்தன், "தண்ணி வந்துடுச்சு"ன்னு போட்டான். அவன் சொன்னது லாரித் தண்ணி. தி.நகர்ல இருந்த இந்தி நண்பன் மொழிபெயர்த்துப் பார்த்துட்டு, வீட்டுக்குள்ள வெள்ளம் புகுந்துடுச்சுன்னு பதறிட்டான். பதிலுக்கு அவன் 'டேங்கர் கல்?'னு கேட்டான். இந்தியில 'கல்'னா நேத்தும் உண்டு, நாளையும் உண்டு. வினைச்சொல் இருந்தா புரியும். அவன் அதைப் போடல.

அதுக்கப்புறம் ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஒருத்தியிடம் சுருக்கம் எழுதுற வேலையைக் கொடுத்தோம். ஒவ்வொரு செய்தியையும் அவ மொழிபெயர்க்கல. ஒரு முடிவு வந்ததும், இல்லன்னா இருபது முப்பது செய்தி ஓடினதும், நாலு வரி எழுதுவா:

6.12.2023, காலை 9 மணி வரை
1. முடிந்தது: லாரித் தண்ணீர் நேற்று (5.12) வந்தது. வீட்டுக்குள் வெள்ளம் இல்லை.
2. முடிவு: சம்ப்பைக் கழுவும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.
3. முடிவாகவில்லை: கேன் தண்ணீர் யார் வாங்குவது?
4. கடைசி நேரம்: 3-க்கு இன்று மதியம் 1 மணிக்குள் பதில்.

இதே எண்களோட இந்தியிலும் உடனே வரும். அதனால யாரும் "3, நான்"னு மட்டும் போட்டாலே போதும், எந்த மொழியில படிச்சான்ங்கறது பிரச்சினையே இல்ல. 'நேத்து', 'கல்' பக்கத்துல தேதி எண்ல இருக்கணும். 'தண்ணி'க்கு முன்னாடி எந்தத் தண்ணின்னு இருக்கணும்.

இதுல ஒரு சிக்கலும் வந்துச்சு. ஒருமுறை 2-ஆம் வரியை முடிவுன்னு எழுதிட்டா. ஆனா அதைப் பத்திப் பேசினது தமிழ்ல மூணு பேர்தான். இந்திக்காரங்க பார்க்கவே இல்ல. அவங்க பேசாததை சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். (சமையல் வேலை அவங்க தலையில விழுந்ததுக்கு அப்புறம்தான் சத்தம் வந்துச்சு.) அதுக்குப் பிறகு ரெண்டு பக்கமும் ஒருத்தராவது பதில் போட்டாத்தான் 'முடிவு', அதுவரைக்கும் 'முடிவாகவில்லை'ன்னு வச்சோம். தப்பா எழுதிட்டா பழசை அழிக்கல. கீழ 'திருத்தம்: 2'ன்னு போட்டோம். ஏற்கெனவே படிச்சவனுக்கு அழிச்சது தெரியாதே!

சுருக்கம் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? பதில் சொன்ன கேள்வியையே யாராவது திரும்பக் கேட்டா, அவங்க எந்த மொழிக்காரங்கன்னு பாருங்க. எப்பவும் ஒரே பக்கத்துலேர்ந்து வந்தா, அந்த மொழிச் சுருக்கம் தாமதமா வருது, இல்ல ஏதோ வரி விட்டுப்போகுது. எங்க குரூப்ல அது இந்திப் பக்கம்தான். தமிழ்ல எழுதி முடிச்சதும் அவ டீ குடிக்கப் போயிடுவா.